சன்ஸ்கிரீன் மட்டும் பூசிய நாளில் முகத்தை இரண்டு முறை கழுவ வேண்டுமா?

நான் மருந்தாளுநர். ஒரு சிறிய மருந்துக் கடையில் நாள் முழுவதும் நிற்கிறவள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை சன்ஸ்கிரீன் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தோல் மருத்துவரின் சீட்டோடுதான் வருவார்கள். இப்போது கல்லூரி மாணவிகளும், வெயிலில் வண்டியோட்டும் விற்பனைப் பிரதிநிதிகளும், பள்ளி ஆசிரியைகளும் தாங்களாகவே வாங்குகிறார்கள். வாங்கிய ஒரு வாரத்தில் அவர்களில் பலர் திரும்பி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதைக் கழுவ ஒரு எண்ணெய் தனியாக வாங்க வேண்டுமாமே?"

பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை. ஒரு மென்மையான ஃபேஸ்வாஷ், முழுதாக ஒரு நிமிடம், தாராளமாகத் தண்ணீர், இவ்வளவு போதும். சிலருக்கு எண்ணெய் தேவைப்படும். அதைத் தீர்மானிப்பது அவர்கள் பூசிய சன்ஸ்கிரீனின் வகைதான். உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் உங்கள் முன்கையும் இருந்தால் போதும். அதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்த வழக்கம் எதற்காக வந்தது

டபுள் க்ளென்சிங் என்று சொல்வது இரண்டு வேறு பொருள்களால் அடுத்தடுத்துக் கழுவுவதை. முதலில் க்ளென்சிங் ஆயில் அல்லது வெண்ணெய்போல் கெட்டியாக இருக்கும் க்ளென்சிங் பாம்; பிறகு தண்ணீரில் கரையும் ஃபேஸ்வாஷ். ஜப்பானிலும் கொரியாவிலும் வேரூன்றி உலகமெங்கும் பரவிய பழக்கம் இது. அங்கே அதற்கு இருந்த வேலை, ஃபவுண்டேஷன், மஸ்காரா, உதட்டுச் சாயம் என்று அடுக்கடுக்காகப் பூசிய மேக்கப்பைக் கரைப்பது. எண்ணெயில் கரைவதை எண்ணெயால் எடு என்பது அதன் தத்துவம்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான ஒரு பாடம் ஏற்கெனவே உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தலையில் போட்ட முதல் கை சீயக்காய் நுரைக்காது. அது எண்ணெயோடு போய்விடும். இரண்டாம் கை போடும்போதுதான் தலை சுத்தமாகும். எண்ணெயை எடுக்க இன்னொரு எண்ணெயை யாரும் தேடவில்லை. அழுக்கின் அளவைப் பார்த்து, எடுக்கும் பொருளை இன்னொரு முறை போட்டார்கள், அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருள்களில் பல எண்ணெயில் கரைபவை. பூசியபின் அதிலுள்ள நீர் ஆவியாகிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு மெல்லிய படலம் தோலில் தங்கும். ஆகவே வெறும் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தால் அது முழுதாகப் போகாது. ஆனால் ஃபேஸ்வாஷில் இருக்கும் நுரைக்கும் பொருளின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். மெல்லிய படலத்தை அது தானே தூக்கிக்கொண்டு போய்விடும். படலம் தடிமனாகவோ, பிடிவாதமாக ஒட்டும்படி செய்யப்பட்டதாகவோ இருந்தால்தான் அதற்கு உதவி தேவைப்படுகிறது.

முதல் படி: ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

தேட வேண்டியது ஒரே சொல்: 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'. சிலவற்றில் பக்கத்திலேயே 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று போட்டிருக்கும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள். அதன் பொருள், அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்த பிறகும் பெட்டியில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். அளவு கிடைக்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்பது. சோதனை வெறும் தண்ணீரில் நடக்கிறது. அதில் ஃபேஸ்வாஷும் இல்லை, விரலால் தேய்ப்பதும் இல்லை. தண்ணீருக்கு அசையாதது நுரைக்கும் அசையாது என்று அந்த எண் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லையே சன்ஸ்கிரீன் மேல் அச்சிட அனுமதிப்பதில்லை. காரணம், எந்த சன்ஸ்கிரீனும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அந்தச் சொல் ட்யூபில் எங்குமே இல்லையென்றால், அதுவும் ஜெல்லாகவோ லேசான லோஷனாகவோ இருந்தால், உங்களுக்கு ஒரு கழுவல் போதும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்தச் சொல் இருந்தால், சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்பது, மெழுகுக் குச்சிபோல் உருட்டித் தேய்ப்பது, தோல் நிறம் கலந்து வருவது ஆகிய மூன்றையும் எண்ணெய் தேவைப்படக்கூடிய பக்கத்தில் வையுங்கள். நிறம் கலந்தது பெயருக்குத்தான் சன்ஸ்கிரீன். கழுவும் நேரத்தில் அது லேசான ஃபவுண்டேஷன்போல் நடந்துகொள்ளும். ஜப்பானிலிருந்து வரும் ட்யூப் கையில் இருந்தால் பின்பக்கத்தை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண சோப்பிலேயே போய்விடும் என்று பலவற்றில் அவர்களே அச்சிட்டிருப்பார்கள். இரட்டைக் கழுவலின் தாய்நாட்டிலேயே இப்படி எழுதி விற்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

உட்பொருள் பட்டியலில் 'கோபாலிமர்' என்று முடியும் பெயர்களும் கண்ணில் படும். படலம் உருவாக்கும் பொருள்கள் அவை. வியர்வையில் வழியாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. ஆனால் பட்டியலை மட்டும் வைத்து எவ்வளவு பிடிக்கும் என்று கணிக்க முடியாது. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. அதனால்தான் முன்கைக்கு வருகிறோம்.

இரண்டாம் படி: முன்கையில் ஒரு சோதனை

என் அக்கா மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சன்ஸ்கிரீன் பூச ஆரம்பித்த மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தவளின் கன்னங்கள் இரண்டும் வறண்டு, மூக்கோரத்தில் தோல் உரிந்து, மாய்ஸ்சரைசர் தொட்டாலே எரிகிறது என்றாள். பையைத் திறந்து காட்டினாள். ஒரு ஜெல் சன்ஸ்கிரீன், ஒரு டப்பா க்ளென்சிங் பாம், நன்றாக நுரைக்கும் ஒரு ஃபேஸ்வாஷ். கூடவே, வாரம் இரண்டு நாள் இறகுப்பந்து ஆடப் போகும்போது தேய்ப்பதற்கு ஒரு குச்சி சன்ஸ்கிரீன்.

"தினமும் இரண்டு முறை கழுவுகிறேன் சித்தி. இல்லையென்றால் துளையெல்லாம் அடைத்துவிடுமாம்."

"எது அடைக்கிறது என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. அன்று மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தோம். நீங்களும் இப்படியே செய்யலாம்.

முன்கையின் உட்பக்கத்தை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். பேனாவால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டம் வரையுங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு இருந்தால் போதும். முதல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதுதான் ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாவதில் தினமும் பூசும் சன்ஸ்கிரீனில் ஒரு சொட்டு. அவளுக்கு மூன்றாவதில் குச்சியால் நான்கு இழுப்பு; உங்களிடம் இரண்டாவது சன்ஸ்கிரீன் இல்லையென்றால் இரண்டு கட்டம் போதும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். படலம் உலர்ந்து நிலைக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

பிறகு விரலை நனைத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். வெறும் தோலில் சொட்டு சற்று பரவிப் படுத்துக்கொள்ளும். அவளுடைய ஜெல் இருந்த கட்டத்தில், சொட்டை விரலால் லேசாகச் சுழற்றியதுமே தண்ணீர் பால்போல் வெளுத்தது. இது நல்ல அறிகுறி. அந்த சன்ஸ்கிரீனில் இருக்கும் எண்ணெய் மறுபடியும் தண்ணீரோடு கலக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். குச்சி தேய்த்த கட்டத்தில் கதை வேறு. தாமரை இலையில் விழுந்ததுபோல் சொட்டு உருண்டையாக நின்றது. கையைச் சாய்த்தால் உருண்டு ஓடியது.

இப்போது கழுவ வேண்டும். மூன்று கட்டங்களையும் சேர்த்து, முகத்துக்குப் போடும் அதே ஃபேஸ்வாஷால் அரை நிமிடம் தேய்த்து, ஓடும் நீரில் அலசி, துண்டால் ஒற்றி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பேனாக் கோடு கொஞ்சம் மங்கியிருக்கும், இடம் தெரியும். மறுபடியும் சொட்டு. அவளுடைய ஜெல் கட்டமும் வெறும் கட்டமும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. அங்கே வேலை முடிந்தது. குச்சிக் கட்டத்தில் சொட்டு இன்னும் தலைதூக்கி நின்றது. தடவினால் வழுக்கல் தெரிந்தது. அதே ஃபேஸ்வாஷால் இரண்டாவது முறை கழுவினோம். குறைந்தது, போகவில்லை. அதன் பிறகு அவளுடைய பாமைக் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து, கழுவிப் பார்த்தபோது மூன்று கட்டங்களும் ஒன்றாயின.

இதற்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெல் பூசிய நாளில் ஒரு கழுவல்; குச்சி தேய்த்த நாளில் பாம், பிறகு ஃபேஸ்வாஷ். அவள் வாரத்தில் ஏழு நாளும் செய்துகொண்டிருந்த வேலை இரண்டு நாளுக்குச் சுருங்கியது. சன்ஸ்கிரீன் பூசிய தோலைத் தண்ணீர், ஃபேஸ்வாஷ், க்ளென்சிங் ஆயில் என்று மூன்றாலும் கழுவி ஒப்பிட்ட சீன ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. தண்ணீரைத் தாங்கும் வகையில்தான் எண்ணெய் மற்ற இரண்டையும் தெளிவாக முந்தியது. எங்கள் மேசையில் நடந்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. கழுவிய உடனே கையில் மாய்ஸ்சரைசர் பூசினால் அதுவே சொட்டை உருட்டும். சில ஃபேஸ்வாஷ்கள் தாங்களே ஒரு வழவழப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் வெறும் கட்டத்தையும் சேர்த்துக் கழுவச் சொன்னேன். இரண்டு கட்டங்களும் ஒன்றுபோல வழுக்கினால் அது ஃபேஸ்வாஷின் குணம், சன்ஸ்கிரீன் அல்ல.

மூன்றாம் படி: ஒரே கழுவலை ஒழுங்காகச் செய்வது

ஒரு கழுவல் போதவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் அந்த ஒரு கழுவலையே முடிப்பதில்லை. கையில் ஃபேஸ்வாஷைப் பிதுக்கி, கன்னத்தில் இரண்டு சுற்று, நெற்றியில் ஒரு சுற்று, பிறகு நான்கு கை தண்ணீர். கடிகாரத்தைப் பார்த்தால் பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது.

கையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் பூசிய கையிலும் படலம் இருக்கிறது. முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரிலோ சாதாரணத் தண்ணீரிலோ நன்றாக நனையுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், அது தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடும். கொண்டைக்கடலை அளவு ஃபேஸ்வாஷை ஈரக் கையில் குழைத்து, விரல் நுனிகளால் தேய்க்கத் தொடங்குங்கள். அழுத்த வேண்டாம். சன்ஸ்கிரீனை எடுப்பது அழுத்தம் அல்ல, தேய்க்கும் நேரம்தான்.

வரிசையாகப் போனால் எந்த இடமும் விட்டுப்போகாது. நெற்றியில் தொடங்கி முடி ஓரம் வரை, புருவத்துக்குள் இரண்டு பக்கமும், மூக்கின் இரு ஓரப் பள்ளங்கள், காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழ், கழுத்து. மொத்தம் ஒரு நிமிடம். கடையில் இரண்டாம் முறை வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது முடி ஓரத்தையும் தாடைக் கோட்டையும்தான். துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களுக்கு அங்கே வெண்மையாக ஒரு கோடு நிற்கும். தாடி வைத்திருக்கிற ஆண்களுக்கு அது தாடி வேரில் நிற்கும். அவர்கள் விரலை முடிக்குள் விட்டுத் தேய்க்க வேண்டும். அலசும்போதும் அதே வரிசை. குறைந்தது பத்துப் பன்னிரண்டு கைத் தண்ணீராவது வேண்டும்.

நுரை உங்களிடம் ஒரு செய்தி சொல்லும். வழக்கமாக நன்றாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ் இன்று முகத்தில் பட்டதும் அடங்கிப்போனால், எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று பொருள். சன்ஸ்கிரீனை வழவழப்பாக்கச் சேர்க்கும் டைமெத்திகோன் நுரையை உடைக்கும் குணம் உள்ளது. வயிற்று உப்புசத்துக்கு நாங்கள் கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் சிமெத்திகோன் அதன் நெருங்கிய உறவு. அங்கே வயிற்றுக் குமிழிகளை உடைப்பது மருந்து. இங்கே உங்கள் ஃபேஸ்வாஷின் குமிழிகளை உடைப்பது இடைஞ்சல். அப்படி அடங்கிய நாளில் அலசிவிட்டு, பட்டாணி அளவு ஃபேஸ்வாஷை இரண்டாம் முறை போட்டு அரை நிமிடம் தேய்த்தால் போதும். மதியமும் சாயங்காலமும் மறுபடி பூசிய நாள்களில் படலம் தடிமனாக இருக்கும். அப்போது இது உதவும். சீயக்காயின் இரண்டாம் கைதான் இது. ஒரு கழுவலுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஏனோ யாரும் சொல்வதில்லை. எண்ணெய் விற்கிறவர்களுக்கு அதில் லாபம் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த நுரைக் கணக்கு, நுரைக்கவே நுரைக்காத க்ரீம் வகை ஃபேஸ்வாஷ்களுக்குப் பொருந்தாது.

எண்ணெய் தேவைப்படுகிற நாளில்

சோதனையில் சொட்டு விடாப்பிடியாக நின்ற சன்ஸ்கிரீனா? கடற்கரையிலோ நீச்சல் குளத்திலோ மறுபடி மறுபடி பூசிய நாளா? அன்றைக்கு எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வரிசை முக்கியம். முகமும் கையும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் சன்ஸ்கிரீனைத் தொடுமுன்பே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

க்ளென்சிங் ஆயில் என்றால் இரண்டு மூன்று பிதுக்கல். பாம் என்றால் ஒரு நெல்லிக்காயில் பாதி. உலர்ந்த முகத்தில் முக்கால் நிமிடம் மெல்லத் தேயுங்கள். பிறகு கையை மட்டும் நனைத்து மறுபடி தேயுங்கள். எண்ணெய் வெள்ளையாகி மோர்போல் ஓட வேண்டும். இந்த வெளுப்பைப் பார்க்காமல் நேராகக் குழாயடியில் அலசுவதுதான் புதியவர்கள் செய்கிற தவறு. வெளுத்தபின் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, ஃபேஸ்வாஷை வழக்கத்தில் பாதி அளவு போட்டு அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பெரிய வேலையை எண்ணெய் ஏற்கெனவே செய்துவிட்டது.

"தேங்காயெண்ணெய் போதாதா?" என்று அடுத்த கேள்வி வரும். சன்ஸ்கிரீனை அது கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடையில் விற்கும் க்ளென்சிங் ஆயிலில் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெயில் அது இல்லை. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வெளுக்காது, போகாது. அதை எடுக்க வலுவான ஃபேஸ்வாஷ் போட வேண்டியிருக்கும். சன்ஸ்கிரீன் பிரச்சினை எண்ணெய்ப் பிரச்சினையாக மாறியதுதான் மிச்சம். முகப்பரு வருகிற தோலில் தங்கும் தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கவும் கூடும். நெற்றியில் ஒரே அளவில் சிறு சிறு பொரிகளாக வந்து அரிக்கிறவர்களுக்கு நான் முதலில் கேட்பது, தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்குகிறதா என்பது. தோலில் வாழும் ஒரு வகைப் பூஞ்சை எண்ணெயைத் தின்று பெருகும். அப்படிப்பட்டவர்கள் இருமுறை கழுவும் எண்ணத்தையே விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

எண்ணெயே பிடிக்காதவர்கள், மேக்கப்பைத் துடைத்தெடுக்க விற்கும் மைசெல்லார் வாட்டரைப் பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் சில நொடி அழுத்தி வைத்து எடுக்கலாம். ஆனால் அதற்கு மேலும் முகத்தைக் கழுவத்தான் வேண்டும்.

இன்னொன்று. "சன்ஸ்கிரீன் மட்டும்தான்" என்று சொல்கிறவர்களின் கண்ணைப் பார்த்தால் பல நேரம் மை இருக்கும். மைக்கு எண்ணெய் தேவைதான், ஆனால் முகம் முழுவதற்கும் தேவையில்லை. பஞ்சுக் குச்சியில் க்ளென்சிங் ஆயிலைத் தொட்டு இமை ஓரத்தில் மட்டும் மை கரைய எடுத்துவிட்டு, மீதி முகத்துக்கு ஒரு கழுவல் போட்டால் முடிந்தது. பவுடர் பூசுகிறவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம், ஃபேஸ்வாஷில் போய்விடும்.

எங்கே தவறுகிறது, எப்படித் தெரியும்

குறைவாகக் கழுவினால் தெரிகிற விதம் ஒன்று, அதிகமாகக் கழுவினால் தெரிகிற விதம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

குறைவாகக் கழுவியிருந்தால், துடைத்த பிறகும் மூக்கோரத்தில் விரல் வழுக்கும். மாய்ஸ்சரைசர் பூசும்போது ரப்பர் அழித்ததுபோல் சிறு சிறு உருளைகளாகத் திரளும். தலையணை உறையில் பசை தெரியும். ஒரு நாள் இப்படி ஆனால் ஒன்றும் ஆகிவிடாது; மேல் தோல் தானாகவே உதிர்ந்துகொண்டிருப்பதுதான். பரு எளிதில் வருகிற தோலில் இது தினசரிக் கதையானால்தான் கவனிக்க வேண்டும்.

அதிகமாகக் கழுவியிருந்தால், துடைத்த பத்து நிமிடத்தில் கன்னம் இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். சிரித்தால் தெரியும். நேற்றுவரை எரியாத மாய்ஸ்சரைசர் இன்று எரியும். மூக்கோரத்தில் செதில் உரியும். விசித்திரமாக, நெற்றி மட்டும் பளபளக்கும். அந்தப் பளபளப்பை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து இன்னும் ஒரு முறை கழுவுகிறவர்கள் உண்டு. என் அக்கா மகள் செய்தது அதுதான். இரவில் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்துகள் போடுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் இரட்டிப்பாகும். அவர்கள் மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரே ஒரு முறை கழுவி, முகம் முழுதாக உலர்ந்தபின் மருந்து போடுவதே பாதுகாப்பு. மருந்து எரிகிறது என்று நிறுத்திவிட்டு வருகிற பலரிடம், மருந்துக்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் அங்கேதான் விடை இருக்கும்.

சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளில் இன்னொரு குழப்பம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு படிவத்தை உண்டாக்கும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அது முகத்திலும் படியும். விரலை இழுத்தால் கீச்சென்று சொல்லும். அந்த ஒலியைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. ஆகவே முகத்துக்குச் சோப்பை விட்டுவிட்டு, சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ் அல்லது அதே வகைக் கட்டிக்கு மாறுங்கள். இவற்றுக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவு இடைஞ்சல் செய்யாது. இந்த மாற்றம் ஒன்றாலேயே, "ஒரு கழுவல் போதவில்லை" என்று சொன்ன இரண்டு மூன்று பேருக்கு எண்ணெய் தேவையில்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, முகம் துடைக்கும் துண்டைப் பாருங்கள். வெள்ளைத் துண்டாக இருந்தால் நல்லது. வெயிலைத் தடுக்கும் அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் பல சன்ஸ்கிரீன்களில் இருக்கிறது. தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் அதோடு சேர்ந்து துருப்பிடித்ததுபோல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த கறையாகும். துணி துவைத்தபிறகுதான் கறை வெளியே தெரியும். காலர் ஓரத்தில் அப்படி வந்தால் அது பகலில் பூசியது உரசியதால் வருவது, அதை விட்டுவிடுங்கள். இரவு முகம் கழுவியபின் ஒற்றும் துண்டில், அதுவும் நெற்றியும் தாடையும் படுகிற இடத்தில் வந்தால், கழுவல் அந்த இரண்டு இடத்தையும் எட்டவில்லை என்று பொருள். என் அக்கா மகளின் துண்டில் கறை இருந்தது, முடி ஓரம் படுகிற ஒரே ஒரு பக்கத்தில். பாம், ஃபேஸ்வாஷ் என்று தினமும் இரண்டு முறை கழுவிய அந்த மூன்று வாரமும் தலைமுடி நனைந்துவிடும் என்று அவள் நெற்றியின் மேல் ஓரத்தைத் தொடவே இல்லை. ஒரு துணிப் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கழுவச் சொன்னேன்.